படித்தது ஹாலில் மறந்துபோகிறது, பஸ்ஸில் ஞாபகம் வருகிறது

மல்லிச்செடி

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் வந்து போகிறேன். நேற்று செமஸ்டரின் முதல் பேப்பர், பிசிக்கல் கெமிஸ்ட்ரி. நன்றாகப் படித்துவிட்டுத்தான் போனேன். கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை வருவி என்று பெரிய கேள்வி. அந்தப் பக்கம் என் நோட்டில் எங்கே இருக்கிறது, மூலையில் மை கொட்டியிருப்பது வரைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் முதல் வரி வரவில்லை. கை வேர்த்து விடைத்தாள் ஈரமாகிவிட்டது. மூன்று மணி நேரப் பரீட்சையில் முதல் முக்கால் மணி நேரம் இப்படியே போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் செக்கானூரணியைத் தாண்டியதும் மொத்த டெரிவேஷனும் தானாக வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்னொரு கேள்வி கட்ட விதி, ஈயம்–வெள்ளி படம். அது பஸ்ஸிலும் வரவில்லை.

அடுத்து ஆர்கானிக், ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா? தயவுசெய்து "தைரியமாக இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வீட்டிலேயே நிறையச் சொல்லிவிட்டார்கள்.

வைகைக்கரை

தங்கச்சி, இது அட்ரினலின் செய்கிற வேலை. நான் வங்கித் தேர்வு மூன்று தடவை எழுதி மூன்றாவதில்தான் வேலைக்குப் போனேன், அதனால் எனக்குத் தெரியும். பேப்பர் கையில் வந்ததும் கண்ணை மூடி, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் செய்தால் படபடப்பு அடங்கும், மறந்தது எல்லாம் வந்துவிடும்.

அப்புறம், ஐந்து தடவை படித்ததைப் பத்து தடவை படி. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படித்தால் மனதில் நிற்கும். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி தூங்காமல் முழுசாக ஒரு சுற்று பார்த்துவிடு. குளுக்கோஸ் கரைத்து எடுத்துக்கொண்டு போ.

சோழவந்தான்_அம்மா

என் பையனுக்கும் இதே பிரச்சினைதான். பிளஸ் டூ முடித்துவிட்டு நீட் எழுதப் போகிறான். புத்தகத்தை எடுத்தாலே ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான், படிக்கவே மாட்டேன் என்கிறான். வல்லாரைக் கீரை வாரம் இரண்டு தடவை செய்து கொடுக்கிறேன். ஞாபக சக்திக்கு மருந்துக் கடையில் டானிக் கிடைக்கிறதாமே, கொடுக்கலாமா?

திருநகர்_ஆலோசகர்

நான் பதினான்கு வருஷமாகக் கல்லூரிகளில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அம்மா, உங்கள் பையன் விஷயம் வேறு என்று தோன்றுகிறது, கடைசியில் வருகிறேன்.

மல்லிச்செடி, முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள். நெர்ன்ஸ்டை எப்படிப் படித்தீர்கள்? நோட்டை மூடிவைத்து எத்தனை தடவை எழுதிப் பார்த்தீர்கள்? முந்தைய ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? காலை ஒன்பதிலிருந்து பத்து மணி வரை என்ன செய்தீர்கள்?

மல்லிச்செடி

அக்கா, எல்லா யூனிட்டும் நாலு தடவை வாசித்தேன். முக்கியமான வரியில் மஞ்சள் மார்க்கர் போட்டிருக்கிறேன். கடைசித் தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்ததில்லை, நேரம் இல்லை. போன வருஷம் நெர்ன்ஸ்டை மட்டும் இன்டர்னலுக்கு எழுதியிருக்கிறேன்.

ராத்திரி பதினொன்றுக்கு ஒரு காபி, பன்னிரண்டரைக்கு ஒரு காபி. ஒரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தேன். ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து காலேஜ் போகும்போது ஒன்பது இருபது. புங்கமரத்தடியில் எல்லோரும் நின்று "இதைப் படிச்சியா, அதைப் படிச்சியா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருத்தி கட்ட விதி கட்டாயம் வரும் என்றாள். அங்கேயே எனக்கு வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது.

திருநகர்_ஆலோசகர்

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் இரண்டு கேள்விக்கும் நடந்தது ஒன்றல்ல. நெர்ன்ஸ்ட் பஸ்ஸில் வந்தது. அப்படியானால் அது உள்ளே இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. கட்ட விதி பஸ்ஸிலும் வரவில்லை, அதாவது அது உள்ளே போகவே இல்லை. பரீட்சை முடிந்து மனம் அடங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்காமல் வருகிறதா என்று பார்ப்பதுதான் இதைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய வழி. நெர்ன்ஸ்டை முன்பே ஒரு தடவை எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள்.

நாலாவது தடவை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது என்றீர்களே, அது பழக்கப்பட்ட முகத்தைத் தெருவில் பார்த்து அடையாளம் காண்கிற மாதிரி. முகம் தெரியும், பேர் வராது. ஹாலில் யாரும் பக்கத்தைக் காட்டி "இது தெரியுமா" என்று கேட்பதில்லை. வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு வேலைக்குப் பயிற்சி எடுத்துவிட்டு வேறொரு வேலையைச் செய்யப் போயிருக்கிறீர்கள்.

இனி பயம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். பயந்ததும் நெஞ்சு படபடப்பது சில விநாடிகளில் வருவது, வைகைக்கரை சொன்ன அட்ரினலின் அது. அதன் பின்னால் கார்டிசால் என்கிற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறுகிறது. பயம் தொடங்கி இருபது முப்பது நிமிடத்தில்தான் அது உச்சத்துக்குப் போகும். படித்ததை வெளியே எடுப்பதை அதிகம் தடுப்பது அந்த நேரம்தான். உங்கள் வயிறு கலங்கியது ஒன்பதரைக்கு. கொஸ்டின் பேப்பர் வந்தது பத்துக்கு. புங்கமரத்தடிப் பேச்சு உங்களைப் பத்து மணிக்குத் தாக்கியிருக்கிறது.

வைகைக்கரை சொன்ன மூச்சு சரியானதுதான். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு குறையும், அதனால் விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். ஆனால் அது உடம்பை அடக்கும், அவ்வளவுதான். எழுதிப் பார்க்காத டெரிவேஷனை அது கொண்டுவந்து கொடுக்காது. பத்து தடவை வாசிப்பதும், ராத்திரி தூங்காமல் இருப்பதும் வேண்டவே வேண்டாம். பகலில் படித்தது தூக்கத்தில்தான் கெட்டிப்படுகிறது. பதினொன்று மணிக் காபியில் பாதி காலை நாலு மணிக்கும் உடம்பில் இருக்கும். தூங்கிய மூன்றரை மணி நேரமும் நல்ல தூக்கமாக இருந்திருக்காது.

ஆறு நாளுக்கு ஒரே ஒரு காரியம் சொல்கிறேன். ஒரு தலைப்பை ஒரு தடவை புரிந்து வாசியுங்கள். நோட்டை மூடி அடுத்த அறையில் வையுங்கள். வெள்ளைத்தாளில் தெரிந்ததை எழுதுங்கள். நெர்ன்ஸ்டையே வைத்துச் சொல்கிறேன். முதல் வரி ΔG = −nFE. இரண்டாவது ΔG = ΔG° + RT ln Q. இரண்டாவதில் நின்றுவிட்டீர்கள் என்றால் உடனே எழுந்து போய்ப் பார்க்காதீர்கள். இரண்டு நிமிடம் முட்டிப் பாருங்கள், அந்த முட்டல்தான் பயிற்சி. வராவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடி, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுங்கள். மறுநாள் ஒரு தடவை, இரண்டு நாள் கழித்து ஒரு தடவை. கடைசித் தடவை கடிகாரம் வைத்து, சாய்ந்து படுக்காமல், பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து எழுதுங்கள்.

இப்படிச் செய்தால் எல்லா யூனிட்டும் முடியாது. ஐந்தில் மூன்று முடியும். நாலு தடவை வாசித்த ஐந்து யூனிட்டைவிட, மூடிவைத்து எழுதிய மூன்று யூனிட் உங்களுக்கு மார்க் கொடுக்கும் என்று நினைக்கிறேன்.

எம்எஸ்சி_இயற்பியல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மூடிவைத்து நினைவுபடுத்திப் பழகினால் பதற்றத்திலும் மறக்காது என்பது 2016ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, நானும் வாசித்திருக்கிறேன். அதில் கொடுத்தது தனித்தனிச் சொற்களும் படங்களும். மறுநாள் திடீரென்று எல்லோர் முன்னாலும் பேச வைத்து, கணக்குப் போட வைத்து, அப்புறம் ஞாபகத்தைச் சோதித்தார்கள். பத்து வரி டெரிவேஷன் அப்படியா? ஒரு வரி போனால் மொத்தமும் போய்விடும். புரிந்து படித்தவனுக்கு நினைவுபடுத்தும் பயிற்சி எதற்கு? முதல் வரியிலிருந்து தானே வருவித்துக்கொள்ளலாமே?

இன்னொன்று, பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைத் தாளில் எழுதித் தள்ளினால் மார்க் கூடும் என்று 2011ல் அதே இதழில் வந்தது. அதைச் செய்யச் சொல்லலாமே?

திருநகர்_ஆலோசகர்

தம்பி, நியாயமான கேள்வி. சொல் பட்டியலும் டெரிவேஷனும் ஒன்று இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புரிந்து படித்தாலும் தொடங்க ஒரு வரி வேண்டும். மல்லிச்செடிக்கு வராமல் போனது நடுவரி இல்லை, முதல் வரி. படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் முதல் வரியில்தான் நிற்கிறார்கள். அது கைக்கு வந்துவிட்டால் பாக்கியை நீங்கள் சொல்வதுபோலப் புரிதல் இழுத்துக்கொண்டு போகும்.

பயத்தை எழுதுகிற விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பின்னால் வேறு குழு ஒன்று அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு உதவியது, சிலர் எழுத எழுத இன்னும் பயந்தார்கள். வீட்டில் ஒரு மாடல் எக்ஸாமுக்கு முன்னால் செய்து பார்க்கலாம். நிஜப் பரீட்சை அன்று முதல் தடவையாகச் செய்ய வேண்டாம்.

எம்எஸ்சி_இயற்பியல்

சரி. முதல் வரி விஷயத்தை ஏற்கிறேன். டெரிவேஷனை மனப்பாடம் மாதிரி மூன்று தடவை எழுதுவதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

மல்லிச்செடி

அக்கா, அண்ணன், இருவருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். சீனியர் அக்கா ஒருவர், பரீட்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை போட்டால் நெஞ்சு படபடக்காது, கை நடுங்காது, அவர் இரண்டு செமஸ்டராகப் போடுகிறார் என்றார். தன்னிடமிருந்து இரண்டு தருகிறேன் என்கிறார். ப்ரோப்ரனலால் என்று பேர் சொன்னார்.

பழங்காநத்தம்_பார்மசி

பாப்பா, அதை வாங்காதே. இருபது வருஷமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் டாக்டர் எழுதிக்கொடுக்கிற மாத்திரை அது. நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் இன்னொருத்தர் கையிலிருந்து வாங்கிப் போடுகிற மருந்து இல்லை. உனக்கு இளைப்பு, வீசிங் உண்டா?

மல்லிச்செடி

சின்ன வயதிலிருந்து உண்டு. மழைக்காலத்தில் இன்ஹேலர் எடுப்பேன்.

பழங்காநத்தம்_பார்மசி

அப்படியானால் கண்டிப்பாகத் தொடக் கூடாது. மூச்சுக்குழல் சுருங்கி ஹாலிலேயே மூச்சுத் திணறல் வரலாம். நீ வைத்திருக்கிற இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அந்தச் சீனியரிடமும் சொல், மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று. யாருக்கு இளைப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

சோழவந்தான் அம்மா, ஞாபக சக்தி டானிக் என்று விற்பதில் பரீட்சைக்கு உதவுவது எதுவும் இல்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டை வாங்கிக் கொடுங்கள்.

மல்லிச்செடி

மூன்று நாள் ஆயிற்று, என்ன நடந்தது என்று சொல்கிறேன். SN1, SN2 வினைவழிமுறையை ஒரு தடவை வாசித்துவிட்டு, நோட்டை அம்மாவிடம் கொடுத்து அடுப்படியில் வைக்கச் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் நாலு வரிதான் வந்தது. அம்புக்குறி எங்கிருந்து எங்கே போகிறது என்பதே தெரியவில்லை. நாலு தடவை வாசித்தபோது வந்த நம்பிக்கை எல்லாம் போய், ஒன்றுமே படிக்காதவள் மாதிரி இருந்தது. பயம் கூடித்தான் போயிற்று. நேற்று திரும்ப எழுதினேன், எட்டு வரி வந்தது. இன்று படத்தோடு முழுசாக வந்தது, ஆனால் கார்போகேஷன் நிலைத்தன்மை வரிசையில் ஒரு தப்பு.

ஊரில் கோயில் கொடை, ராத்திரி பத்து வரை மைக் செட். அதனால் சாயங்காலம் எழுதுவதை விட்டுவிட்டு, காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை எழுதுகிறேன். ராத்திரி காபி இல்லை. மைக் நின்றதும் படுத்துவிடுகிறேன்.

திருநகர்_ஆலோசகர்

முதல் நாள் நாலு வரி வந்ததே, அது ஹாலில் வந்திருக்க வேண்டிய அதிர்ச்சி. அடுப்படியில் வந்துவிட்டது. நிறையப் பேர் அந்த முதல் நாளிலேயே பயந்து வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் திரும்பவில்லை. நிலைத்தன்மை வரிசையை மட்டும் நாளை தனியாக ஒரு தடவை எழுதுங்கள்.

பரீட்சை அன்று ஒன்பது இருபதுக்கு இறங்கினாலும் புங்கமரத்துக்குப் போகாதீர்கள். தோழிகளிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஹாலில் பேப்பர் வந்ததும் வரிசையாக எழுத வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்த இரண்டு மார்க் கேள்வி இரண்டை எழுதுங்கள், கை ஓட ஆரம்பிக்கட்டும். பெரிய கேள்வியில் நின்றால் நிச்சயமாகத் தெரிந்த ஒரு வரியை எழுதி, அரைப் பக்கம் இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

சோழவந்தான்_அம்மா

நீங்கள் கடைசியில் வருகிறேன் என்றீர்களே அம்மா. இந்தப் பிள்ளை எழுதுவதைப் படித்தபிறகு நேற்று என் பையனிடம் திட்டாமல் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு வாரமாக அவன் சரியாகத் தூங்கவே இல்லையாம். காலையில் புத்தகத்தைத் திறந்தால் வாந்தி வருகிறதாம், அதனால்தான் எழுந்து போகிறானாம். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டேன். "நான் எழுதி என்ன ஆகப்போகுது, இல்லாமப் போனா நல்லது" என்றும் சொன்னான். எழுதாமல் விடுவதைச் சொல்கிறானா, வேறு அர்த்தமா என்று தெரியவில்லை.

திருநகர்_ஆலோசகர்

அம்மா, நீங்கள் கேட்டது மிக நல்ல காரியம். இதை எழுதிப் பார்க்கும் பயிற்சியோடு சேர்க்காதீர்கள், இது வேறு. இன்றே, இப்போதே அவனிடம் நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. கேட்பதால் பிள்ளைக்குப் பேச வழி கிடைக்கும். ஆம் என்றாலும், பதில் சொல்லாமல் இருந்தாலும் அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, தூக்க மாத்திரை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 சுகாதார உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். நாளைக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வாரத் தூக்கமின்மையும் வாந்தியும் மட்டுமே இருந்தாலும்கூட அங்கே போகத்தான் வேண்டும். நீட் பற்றி இன்று ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

சோழவந்தான்_அம்மா

கேட்டேன். இரண்டு தடவை தோன்றியது என்றான். அவன் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். 14416-க்குப் பேசினோம், அவனும் கொஞ்ச நேரம் பேசினான். நாளை காலை கிளம்புகிறோம்.

வைகைக்கரை

அம்மா, அங்கே போக வர வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் மதுரையில்தான் இருக்கிறேன்.

மல்லிச்செடி

ஆர்கானிக் முடிந்தது. அம்மா, உங்கள் பையன் நன்றாக ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஹாலுக்குள் போனேன்.

புங்கமரத்தடிக்குப் போகவில்லை, லைப்ரரி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குப் படபடப்பு வந்தது. வராது என்று நினைத்தேன், வந்தது. மூச்சை மெதுவாக விட்டுவிட்டு இரண்டு மார்க் கேள்வி மூன்று எழுதினேன். SN1 வந்திருந்தது, அதை நிற்காமல் எழுதினேன். நான் படிக்காமல் விட்ட யூனிட்டிலிருந்து ஒரு பெரிய கேள்வி வந்தது, அதற்கு ஒன்றும் எழுதவில்லை. எலிமினேஷனில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள், இயற்பியல் அண்ணன் சொன்ன மாதிரியே. அதில் நின்றேன். தெரிந்த ஒரு வரி எழுதி இடம் விட்டு வந்தேன். கடைசி இருபது நிமிடத்தில் திரும்பிப் போனபோது பாதி வந்தது. அது சரியா என்று தெரியவில்லை.

எம்எஸ்சி_இயற்பியல்

அந்தப் பாதியை இங்கே எழுது, பார்க்கலாம். அடுத்து அல்லைடு கணிதம்தானே? அதற்கு ஒவ்வொரு வகையிலும் முன்னால் பார்க்காத ஒரு கணக்கையாவது பழைய வினாத்தாளில் இருந்து எடுத்து, விடையை மூடிவைத்துப் போடு. அக்கா சொன்னதையே செய், ஆனால் ஒரே கணக்கை மூன்று தடவை வேண்டாம்.

திருநகர்_ஆலோசகர்

கணிதத்துக்கு அதுதான் சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன்.

மல்லிச்செடி

இன்னும் நாலு நாள் இருக்கிறது. பழைய வினாத்தாள் மூன்று ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். எலிமினேஷன் விடையை எழுதி ராத்திரி போடுகிறேன் அண்ணே, மைக் செட் நின்றதும்.